சிப்பாயைத் துரத்தும் ராஜா: சதுர விதியைக் கற்பிக்கும் முறை

(கோட்டையூரில் ஆசிரியர்களுக்கான சதுரங்கப் பயிற்சியில் ஆற்றிய உரை)



என் தவறொன்றிலிருந்து தொடங்குகிறேன். ஒரு போட்டியில் என் மாணவன் கருப்புக் காய்களுடன் ஆடினான். அவன் ராஜா f4 கட்டத்தில் நின்றது. வெள்ளைக்கு a4-இல் ஒரு சிப்பாய். ராஜா தொலைவில் h1-இல். வேறு காய்கள் இல்லை. ஆட வேண்டியது அவன்தான். சற்று யோசித்துவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டான். "என் ராஜா சதுரத்துக்கு வெளியே இருக்கே சார்" என்றான். அது சமனில் முடிந்திருக்க வேண்டிய ஆட்டம்.

தடுக்க எதிர்ச் சிப்பாய் இல்லாத சிப்பாய் ராணியாக ஓடும்போது, ராஜாவால் பிடிக்க முடியுமா என்பதைச் சதுர விதி சொல்லும். a4-இலிருந்து a8 வரை, நிற்கும் கட்டத்தையும் சேர்த்து, ஐந்து கட்டங்கள். அதே அளவில் பக்கவாட்டில் e4 வரை சதுரம் வரையுங்கள். தரையில் சாக்பீஸால் வரைவதானால் a4-இலிருந்து e8-க்கு மூலைவிட்டம் போட்டாலே எல்லை தெரிந்துவிடும். ராஜா இச்சதுரத்துக்குள் இருந்தால் பிடித்துவிடும்.

நான் சொல்லாமல் விட்டது, யார் முறை என்பதை. கருப்பின் முறையானால், வெளியே நிற்கும் ராஜா ஓரடியில் உள்ளே நுழைந்தாலே போதும். f4-இலிருந்து e5. சிப்பாய் a5, ராஜா d6. சிப்பாய் a6, ராஜா c7. சிப்பாய் a7, ராஜா b7. அடுத்து சிப்பாய் வெட்டப்படும். வெள்ளையின் முறையானால், சிப்பாய் a5-க்குப் போனதும் சதுரம் நான்கு கட்டமாகச் சுருங்கும். e5-க்கு வந்தாலும் ராஜா வெளியேதான்.

இன்னும் இரண்டு இடங்களில் பிள்ளைகள் தவறுவர். தொடக்கக் கட்டமான a2-இல் நிற்கும் சிப்பாய் ஒரே தாவலில் இரண்டு கட்டம் போகும். எனவே a3-இலிருந்து எண்ண வேண்டும். ராஜாவின் வழியில் அதன் சொந்தக் காய் நின்றால், சதுரத்துக்குள் இருந்தும் பயனில்லை.

இனி, தேறிய மாணவர்களுக்கு ரிச்சர்ட் ரெட்டி 1921-இல் அமைத்த புதிரைக் கொடுங்கள். வெள்ளை: ராஜா h8, சிப்பாய் c6. கருப்பு: ராஜா a6, சிப்பாய் h5. வெள்ளையின் முறை. கருப்புச் சிப்பாயின் சதுரத்துக்கு வெகு வெளியே வெள்ளை ராஜா நிற்கிறது. ஆனாலும் சமன்!

ராஜா g7, சிப்பாய் h4. ராஜா f6; கருப்பு ராஜா b6. இப்போது ராஜா e5. கருப்பு c6 சிப்பாயை வெட்டினால், ராஜா f4-க்கு வந்து சதுரத்துக்குள் நுழைந்துவிடும். வெட்டாமல் h3 என்று ஓடினால், ராஜா d6-க்குப் போய்த் தன் சிப்பாயைக் காக்கும். இரு பக்கமும் ராணி கிடைக்கும். மூலைவிட்டத்தில் வைத்த ஒவ்வோர் அடியும் இரண்டு சிப்பாய்களையும் ஒருசேர நெருங்கியது.

அந்த மாணவனுக்குப் பிறகு எந்தப் பிள்ளையிடமும் "ராஜா உள்ளே இருக்கிறதா?" என்று நான் முதலில் கேட்பதில்லை. "இப்போது யார் முறை?" என்றே கேட்கிறேன்.