எத்தனை பேர் வாங்கினோம், எத்தனை பேர் கட்டுகிறோம்?

(தோட்டக் கமிட்டி உறுப்பினர்களுக்கும் மாதர் அணியினருக்கும் நடந்த வகுப்பில் ஆற்றிய உரை)



2022 செப்டெம்பர் மாதக் கடைசியில் ஒரு சகோதரி நம் அலுவலகத்துக்கு வந்தார். கையில் வங்கிக் கடன் படிவம். லயன் காம்பராவுக்குப் பின்னால் ஒரு அறை இறக்க வேண்டும், மகள் பெரியவளாகிவிட்டாள், சீமெந்தும் தகரமும் வாங்க ஒரு லட்சம் ரூபாய் தேவை என்றார். வட்டி வருஷத்துக்கு நூற்றுக்கு 28. "வட்டி கூடத்தான். ஆனால் சாமான் எல்லாம் ஒரு வருஷத்தில் நூற்றுக்கு எழுபது ஏறியிருக்கிறதாம். இப்போதே கடன்பட்டு வாங்கிப் போட்டால் லாபம்தானே அண்ணே?" என்று கேட்டார்.

நான் யோசித்துவிட்டு, "எழுபதை விட 28 குறைவுதானே, எடுங்கள்" என்றேன். நான் சொன்னது பிழை. அது எப்படிப் பிழையானது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன். அதே பிழையை இன்னும் பலர் செய்துகொண்டிருக்கிறார்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கோதுமை மா கிலோ 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நீங்கள் என்னிடம் 10,000 ரூபாய் கடன் வாங்குகிறீர்கள். அது இன்றைக்கு 100 கிலோ மாவுக்குச் சமம். நூற்றுக்கு 12 வட்டியோடு வருஷக் கடைசியில் 11,200 ரூபாய் தருகிறீர்கள். அதற்குள் மா 106 ரூபாயாகிவிட்டது என்றால், அந்தக் காசுக்கு நான் ஏறக்குறைய 105 கிலோ முக்கால் வாங்கலாம். நான் கொடுத்தது 100 கிலோ, திரும்பக் கிடைத்தது அதைவிடக் கிட்டத்தட்ட ஆறு கிலோ கூட. ஆகவே காகிதத்தில் எழுதிய வட்டி 12, பொருளில் எனக்குக் கிடைத்த வட்டி ஆறுக்குக் கொஞ்சம் குறைவு. காகிதத்தில் உள்ளதைப் பெயரளவு வட்டி என்றும், பொருளில் அளப்பதை மெய் வட்டி என்றும் சொல்கிறார்கள்.

மா 120 ரூபாய்க்கு ஏறியிருந்தால்? அதே 11,200 ரூபாய்க்கு 93 கிலோதான் கிடைக்கும். வட்டியோடு வாங்கியும் எனக்கு ஏழு கிலோ நட்டம். அந்த ஏழு கிலோ கடன் வாங்கிய உங்கள் பக்கம் போய்விட்டது.

விலையேற்றம் குறைவாக இருக்கும்போது வட்டியிலிருந்து விலையேற்றத்தைக் கழித்தாலே போதும். 12இல் 6 போனால் 6, சரியான விடை ஐந்தே முக்காலுக்குச் சற்றுக் குறைவு, பெரிய வித்தியாசமில்லை. விலையேற்றம் ஐம்பது, அறுபது என்று போகும்போது கழித்தால் கணக்கு பிழைக்கும். அப்போது மாவில் செய்தது போலப் புது விலையால் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

நம்மில் பலருக்கு நாம் கடன் கொடுப்பவர்களும் கூட என்பது நினைவிருப்பதில்லை. ஊழியர் சேமலாப நிதியில் கிடக்கும் காசு நாம் கொடுத்த கடன்தான். 2022க்கு அந்த நிதி கொடுத்த வட்டி நூற்றுக்கு 9. அந்த டிசெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் முந்திய டிசெம்பரை விட 57 சதவீதம் கூட இருந்தது. 100 ரூபாய் 109 ஆனது, 100 ரூபாய்ச் சாமான் 157 ஆனது. 109ஐ 157க்குப் பிரித்துப் பாருங்கள். பழைய 100 ரூபாயின் சக்தியில் 69 ரூபாயளவுதான் மிச்சம். கணக்குத் தாளில் தொகை கூடித்தான் இருந்தது, அதனால் யாரும் சத்தம் போடவில்லை.

இனி அந்தச் சகோதரியின் கடனுக்கு வருகிறேன். 2022 செப்டெம்பரில் அந்தச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம். சாப்பாட்டுச் சாமானில் மட்டும் 94.9. உழைப்பில் பெரும்பங்கு அரிசிக்கும் மாவுக்கும் போகும் நம் வீடுகளில் இரண்டாவது எண்தான் கூடப் பொருந்தும். நானும் அவரும் நினைத்தது இதுதான்: அடுத்த வருஷமும் விலை இப்படியே எழுபது ஏறினால், திருப்பிக் கட்டும் 128,000 ரூபாய் இன்றைய காசில் 75,000 ரூபாய்க்குத்தான் சமம். கால்வாசிக் கடன் தானாகவே கரைந்துவிடும்.

நடந்தது வேறு. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம். இதைக் கேட்டு "விலை இறங்கியதா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். விலை இறங்கவில்லை. ஏறிய இடத்திலேயே நின்றது, அதற்கு மேல் 1.3தான் ஏறியது. ஆனால் கடனுக்கு அதுவே பெரிய விஷயம். 128,000 ரூபாய் 2022ஆம் ஆண்டின் காசில் 126,000 ரூபாய்க்கும் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. மெய் வட்டி நூற்றுக்கு 26. கரையும் என்று நினைத்த கடன் ஏறக்குறைய முழுசாக நின்றது.

எங்கே பிழைத்தோம்? 69.8 என்பது முடிந்துபோன பன்னிரண்டு மாதத்தின் கணக்கு. கடனோ வரப்போகும் பன்னிரண்டு மாதத்துக்கு. போன வருஷத்து மழையைப் பார்த்து இந்த வருஷம் கொழுந்து எவ்வளவு வரும் என்று சொன்ன மாதிரி நான் பேசிவிட்டேன். கடன் வாங்கும் நேரத்தில் தெரிய வேண்டியது எதிர்பார்க்கும் விலையேற்றம். அது எந்தத் தாளிலும் அச்சடித்து வராது, ஆனால் அடையாளங்கள் இருந்தன. 2022 ஏப்ரலிலேயே மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே தடவையில் நூற்றுக்கு ஏழு கூட்டியிருந்தது. விலையேற்றத்தை அடக்கத்தான் அப்படிச் செய்வார்கள். மாதத்துக்கு மாதம் விலை ஏறும் வேகமும் அந்த நாட்களில் தணியத் தொடங்கியிருந்தது. வருஷக் கணக்கு அதைக் காட்டப் பல மாதம் எடுக்கும். உங்கள் கடைக் கொப்பியைப் புரட்டினால் முன்னமே தெரியும். இந்த மாத விலையைப் போன வருஷத்தோடு ஒப்பிட வேண்டாம், மூன்று மாதத்துக்கு முந்திய பக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

இன்னொரு அடையாளம் அந்தப் படிவத்திலேயே இருந்தது. சாமான் எழுபது ஏறும் என்று வங்கி உண்மையாக நம்பியிருந்தால் ஏன் 28க்குக் காசு கொடுக்கப் போகிறது? தர்மத்துக்கா? கடன் கொடுப்பவர் தனக்கு வேண்டிய மெய் வட்டியோடு, வரும் என்று நினைக்கும் விலையேற்றத்தையும் சேர்த்துத்தான் வட்டி கேட்பார். இதை நூறு வருஷத்துக்கு முன்பே கணக்காக விளக்கியவர் ஏர்விங் ஃபிஷர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர். (1929இல் பங்குச் சந்தை விழாது என்று நம்பி, அவரும் தன் சொத்தை இழந்தார். எதிர்பார்ப்பு படித்தவர்களுக்கும் பிழைக்கும்.) வங்கிகள் அன்று எல்லாவற்றையும் சரியாகக் கணித்தன என்று நான் சொல்லவில்லை. 28 என்ற அந்த எண், எழுபது நீடிக்காது என்று நினைத்த ஒருவரின் எண் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை.

இதெல்லாம் விலை பற்றிய கணக்கு. நம் கணக்கில் இன்னொன்று இருக்கிறது. விலை ஏறினால் கடன் கரையும் என்று சொல்பவர்கள், விலையோடு வருமானமும் ஏறும் என்று தெரியாமலே நினைத்துக்கொள்கிறார்கள். கடை முதலாளிக்கு அது சரி. மா விலை இரட்டித்தால் அவர் கல்லாவும் இரட்டிக்கும், பழைய கடனை லேசாகக் கட்டுவார். நமக்கு? 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. விலை மலையேறிய 2022 முழுக்க அதே 1,000. 2023இலும் அதேதான்.

ஆகவே நம் கடனை மாவில் அளப்பதை விடப் பேரில் அளப்பது நல்லது. ஒரு நாள் வேலை ஒரு பேர். அந்தச் சகோதரி வாங்கியது 100 பேர். கட்டியது 128 பேர். விலை எழுபது ஏறியிருந்தாலும் அவருக்கு அது 128 பேராகத்தான் இருந்திருக்கும். எங்கள் எதிர்பார்ப்பு பலித்திருந்தாலும் கடன் கரைந்திருக்காது. சாப்பாட்டுச் செலவு இன்னும் கூடி, கடன் கட்ட மிஞ்சும் பேர்தான் குறைந்திருக்கும். இதை நான் அன்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சம்பளம் ஏறும் என்று நம்பிக் கடன்பட்டால்? 2024 மே தினத்தில் 1,700 ரூபாய் என்று அறிவித்தார்கள். கம்பெனிகள் நீதிமன்றம் போயின, அது தடைப்பட்டது. செப்டெம்பரில் வந்த வர்த்தமானியில் 1,350. 128,000 ரூபாய்க் கடன் 1,350இல் 95 பேர், 1,700இல் 75 பேர். மே மாதம் 75 என்று நினைத்துக் கடன்பட்டவர் 95 கட்ட வேண்டி வந்தது, அதிலும் முதல் சில மாதம் பழைய 1,000 ரூபாயிலேயே. சம்பளப் பேச்சு நடக்கிறது என்பதற்காகக் கடன்படாதீர்கள் என்று சங்கக்காரனான நானே சொல்கிறேன். செக்ரோலில் விழுந்த பிறகு கணக்குப் பாருங்கள்.

அப்படியானால் விலை ஏறும் காலத்தில் கடன்படவே கூடாதா? இரண்டு கேள்வியைத் தனித்தனியாகப் பாருங்கள். வாங்கப்போகும் சாமானின் விலை, வட்டியை விட வேகமாக ஏறுமா? ஏறும் என்றால் இப்போது வாங்குவது மலிவு. என் சம்பளம் வட்டியோடு ஏறுமா? ஏறாது என்றால், மலிவாக வாங்கியதைக் கூடக் கட்ட முடியாமல் போகலாம். முதல் கேள்விக்கு ஆம் என்று விடை வந்தாலும் இரண்டாவதுக்கு விடை தேடாமல் கையெழுத்துப் போடக் கூடாது. தீபாவளிக்குத் தோட்டம் வட்டியில்லாமல் கொடுக்கும் முற்பணத்தில் இந்தத் தலைவலி இல்லை. 20 பேர் வாங்கினால் 20 பேர்தான் வெட்டுவார்கள், விலை ஏறினால் நமக்கே அனுகூலம்.

கைவட்டிக்காரரைப் பற்றியும் கேட்டீர்கள். மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து என்றால் சின்னதாகத் தெரியும். விலையேற்றம் வருஷக் கணக்கு, இதையும் வருஷமாக்குங்கள்: 120. 100 ரூபாய் வாங்கினால் அசலும் வட்டியுமாக 220. விலை எழுபது ஏறிய அந்தக் கொடிய வருஷத்திலும் 220ஐ 170க்குப் பிரித்தால் நூற்றுக்கு 29 மெய் வட்டி அவருக்கு மிஞ்சியது. நாடே வங்குரோத்தான வருஷத்திலும் நட்டப்படாதவர் அவர் ஒருவர்தான்.

அந்தச் சகோதரியின் அறை எழும்பிவிட்டது. மகள் அதில்தான் படிக்கிறாள். கடனை ஒரேயடியாகக் கட்டாமல் மாதாமாதம் கட்டியதால் வட்டி நான் சொன்னதை விடக் குறைந்தது, பேர்க் கணக்கும் அதற்கேற்பக் குறைந்தது. ஓ.எல். சோதனைக்கு இருந்த பிள்ளையை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்துத்தான் அதை முடித்தார்.

கடன் படிவம் கையில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சம்பளத் துண்டையும் கடைக் கொப்பியையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். எத்தனை பேர் வாங்குகிறீர்கள், எத்தனை பேர் கட்டப் போகிறீர்கள் என்று உட்கார்ந்து எழுதிப் பார்ப்போம்.