கணியன் சொல்லாமல் விட்டது



மாயக்கதை வாசிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு விதி மனப்பாடம். ஒரு பிள்ளை பிறக்கும், அது நாட்டைக் காக்கும் என்று முன்னரே ஆரோ சொல்லியிருப்பார். கடைசியில் அது காத்துவிடும். இந்த விதியை எங்கள் கடலில் வைத்தே உடைத்தவர் மணிமேகலை தந்த சீத்தலைச் சாத்தனார். மணிபல்லவம் என்பது எங்கள் நயினாதீவுதான் என்று நாங்கள் சொல்கிறோம். ஆய்வாளர் எல்லாரும் அதை ஒப்பவில்லை. ஆனாலும் கதையைக் கேளுங்கள்.

நாகநாட்டு இளவரசி பீலிவளை. சூரிய குலத்தவன் ஒருவனின் கருவோடு இவள் திரும்புவாள் என்று கணியன் சொல்லியிருந்தான். அப்படியே நடந்தது. புகாரில் சோழனோடு ஒரு மாதம் இருந்து, கருவோடு போனாள். மகன் பிறந்தான். அவனை மணிபல்லவத்தில் கம்பளச்செட்டியின் கப்பலில் ஏற்றித் தந்தையிடம் அனுப்பினாள். அன்றிரவே கரைக்குக் கிட்டக் கப்பல் உடைந்தது. பிள்ளையைக் காணவில்லை. துயரத்தில் மன்னன் இந்திரவிழாவை மறந்தான். அதனால் புகாரைக் கடல் கொண்டது.

கணியன் பொய் சொன்னானா? இல்லை. அவன் சொன்னது முழுக்கப் பலித்தது. கருவோடு வருவாள் என்றான். பிள்ளை அரசாளும் என்று சொல்லவே இல்லை. மிச்சத்தை ஆசையால் நிரப்பிக்கொள்வது கேட்பவர்தான். சாத்தனாரின் கெட்டித்தனம் அங்கேதான் இருக்கிறது.

அதே தீவில் இன்னொருத்தியும் தேர்ந்தெடுக்கப்படுகிறாள். அவள் கணிகை மாதவியின் மகள் மணிமேகலை. கோமுகிப் பொய்கையில் வைகாசி விசாகத்தன்று அமுதசுரபி மேலே வரும் என்று தீவின் காவல் தெய்வம் தீவதிலகை சொல்கிறாள். அது மணிமேகலையின் கைக்கு வருகிறது. வாளோ முடியோ அல்ல, பிச்சைப் பாத்திரம்! அதுவும் தானாகச் சுரக்கவில்லை. ஆதிரை என்ற கற்புடையாள் முதற் பிச்சை இட்ட பிறகே சுரக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவளும் இன்னொருத்தியின் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆரூடத்தையும் தேர்ந்தெடுக்கப்படுவதையும் பிற்காலத்தவரும் வேறு விதமாகக் கண்டார்கள். 1965இல் வந்த ‘டியூன்’ நாவலில் பிராங்க் ஹெர்பர்ட், மீட்பரைப் பற்றிய நம்பிக்கையையே ஒரு பெண்கள் சங்கம் தன் தேவைக்காக மக்களிடம் விதைத்ததாக எழுதினார். ரௌலிங்கின் ஹாரி பாட்டர் கதையில் வரும் ஆரூடம் ஹாரிக்கும் பொருந்தும், நெவிலுக்கும் பொருந்தும். ஹாரியைக் குறிவைத்து அவனை நாயகனாக்கியது பகைவனின் பயம்தான்.

எழுத வருகிற தம்பி தங்கைகளே, ஆரூடத்தைப் பொய்யாக்கிவிட்டால் புதுமை என்று நினைக்காதீர்கள்; அது சுலபம். வாசகர் ஏமாந்தோம் என்று கோபிப்பார். சொன்ன சொல் ஒவ்வொன்றையும் பலிக்க விடுங்கள். அது எதைச் சொல்லாமல் விட்டது, அதை யார் சொன்னார், நம்பியதால் யாருக்கு லாபம் என்று கேளுங்கள். அந்தக் கேள்விகளுக்கான விடைதான் உங்கள் கதை.