95 விழுக்காடு யாருக்கு?
(புள்ளியியல் பாட ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



இயல்நிலைப் பரவல் பாடத்தில் மாணவர்கள் விடையைச் சரியாகக் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் அந்த விடை என்ன சொல்கிறது என்று கேட்டால், பலர் தவறாகச் சொல்கிறார்கள். இன்று அந்த ஒரு தவறைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஓர் உண்மையான அளவிலிருந்து தொடங்குவோம். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் குழந்தைகளின் வளர்ச்சித் தர அளவுகளை வெளியிட்டது. அதன்படி, 5 வயது நிறைவுற்ற ஆண் குழந்தைகளின் சராசரி உயரம் 110.0 செ.மீ, திட்ட விலக்கம் ஏறத்தாழ 4.6 செ.மீ. ஒரு குழந்தையின் z மதிப்பு −2-க்குக் கீழே போனால், வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று கொள்கிறார்கள்.

ஒரு சிறுவனின் உயரம் 103.1 செ.மீ என்று வைத்துக்கொள்வோம்.

z = (103.1 − 110.0) / 4.6 = −1.5

அதாவது, அவன் சராசரியிலிருந்து ஒன்றரைத் திட்ட விலக்கம் கீழே இருக்கிறான். நம் அட்டவணை 0-விலிருந்து z வரையுள்ள பரப்பைத் தருவது. 1.5-க்கு நேராக 0.4332 இருக்கும். நமக்கு வேண்டியது இடப்பக்க வால்பகுதி, எனவே 0.5 − 0.4332 = 0.0668. தர அளவின்படி நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர் இவனைவிடக் குட்டையானவர்கள். இவன் குட்டையான சிறுவன்தான்; ஆனால் −2 என்னும் எல்லையைத் தாண்டவில்லை.

அடுத்து நம்பிக்கை இடைவெளிக்கு வருவோம். ஒரு வட்டாரத்தில் இதே வயதுச் சிறுவர்கள் 36 பேரைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்து அளந்ததாகக் கொள்வோம். அவர்களின் சராசரி 107.5 செ.மீ. திட்ட விலக்கம் அதே 4.6 என்று எடுத்துக்கொள்கிறோம்.

திட்டப் பிழை = 4.6 / √36 = 0.77
1.96 × 0.77 = 1.5
இடைவெளி: 106.0 முதல் 109.0 வரை

இதுவரை மாணவர் சரியாகச் செய்துவிடுவார். “இதன் பொருள் என்ன?” என்று கேளுங்கள். “95 விழுக்காடு சிறுவர்களின் உயரம் 106-க்கும் 109-க்கும் இடையில் இருக்கும்” என்று விடை வரும். அப்படியானால் 103.1 செ.மீ உயரமுள்ள நம் சிறுவன் இடைவெளிக்கு வெளியே நிற்கிறான். வளர்ச்சி குன்றியவன் என்று அவன்மீது முத்திரை விழுந்துவிடும்.

இது தவறு என்று நாம் சொல்வதைவிட, மாணவரையே சரிபார்க்கச் சொல்லலாம். சராசரியிலிருந்து 1.5 செ.மீ தள்ளியிருக்கும் ஒரு சிறுவனின் z = 1.5 / 4.6 = 0.33. அட்டவணையில் பரப்பு 0.1293. இருபுறமும் சேர்த்தால் 0.2586. ஆகவே அந்த இடைவெளிக்குள் இருப்பவர்கள் ஏறத்தாழ 26 விழுக்காட்டினர். 36 பேரில் ஏறத்தாழ 9 பேர். 95 விழுக்காட்டினரை உள்ளடக்க வேண்டுமானால் 107.5 ± 1.96 × 4.6 என்று கணக்கிட வேண்டும். அது 98.5 முதல் 116.5 வரை விரியும்.

வேறுபாடு வகுக்கும் எண்ணில்தான் இருக்கிறது. ஒரு குழந்தையைப் பற்றிய கேள்வி என்றால் 4.6, சராசரியைப் பற்றிய கேள்வி என்றால் 4.6 / √n. கணக்கைத் தொடங்கும் முன், “கேள்வி ஒருவரைப் பற்றியதா, சராசரியைப் பற்றியதா?” என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

அப்படியானால் அந்த 95 விழுக்காடு எதற்கு உரியது? அது நாம் பின்பற்றிய முறைக்கு உரியது. இதை வகுப்பில் செய்து காட்டலாம். 40 மாணவர்களின் உயரங்களைச் சீட்டுகளில் எழுதி ஒரு பெட்டியில் போடுங்கள். அந்த 40 பேரின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் முன்பே கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாணவரும் 9 சீட்டுகளை எடுக்கட்டும். ஒன்றை எடுத்துக் குறித்தபின் பெட்டியிலேயே போட்டுக் குலுக்கிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். பிறகு, சராசரி ± 1.96 × (திட்ட விலக்கம் / 3) என்று தத்தம் இடைவெளியைக் கரும்பலகையில் கோடாக வரையட்டும். உண்மைச் சராசரி மாறாமல் ஒரே இடத்தில் நிற்கும். இடைவெளிகள்தாம் இடம் மாறும். 40 கோடுகளில் ஏறத்தாழ 38 கோடுகள் அந்தச் சராசரியைத் தொடும். தொடாத ஓரிரு கோடுகளை வரைந்த மாணவர்கள் கணக்கில் பிழை செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். திட்ட விலக்கம் முன்பே தெரிந்திருந்தால்தான் 1.96 பொருந்தும். 9 பேர் கொண்ட சிறு கூறிலிருந்தே அதைக் கணக்கிட்டால் t அட்டவணையின் 2.306-ஐப் பயன்படுத்த வேண்டும், இடைவெளி அகலமாகும். மற்றொன்று, 36 பேரையும் ஒரே மையத்திலிருந்து எடுத்திருந்தால், சூத்திரம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த இடைவெளி வட்டாரத்தைப் பற்றிப் பேசாது.

விடைத்தாளில் “106.0 முதல் 109.0 வரை” என்பதோடு நிறுத்திய மாணவருக்கு முழு மதிப்பெண் தராதீர்கள். “இது வட்டாரச் சராசரிக்கான மதிப்பீடு” என்னும் வரியையும் கேளுங்கள். 103.1 செ.மீ சிறுவனைத் தவறாக எடைபோடாமல் காப்பது அந்த ஒரு வரிதான்.