விற்ற பிளாட்டின் சாவியைக் கொடுக்கும் நாள்



வீடு வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பலமுறை பேசியிருக்கிறோம். இன்று விற்பவர் பக்கம் நின்று பேசுவோம். பத்திரம் பதிவானதும் வேலை முடிந்தது என்று நாம் நினைத்துவிடுகிறோம். சச்சரவுகள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறோம். பணம், பதிவு, சாவி. "பெயிண்ட் மட்டும் அடித்துக்கொள்கிறோம், சாவியைக் கொடுங்கள்" என்று வாங்குபவர் பதிவுக்கு முன்பே கேட்பதுண்டு. வந்து அளவெடுத்துப் போகட்டும். சாவி நம்மிடமே இருக்கட்டும். பாதி வேலை நடந்த பிறகு அவருடைய வங்கிக் கடன் கிடைக்காமல் போனால், வீட்டைத் திரும்பப் பெறுவதே பெரும்பாடாகிவிடும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கிரயப் பத்திரத்தில் "இன்றே சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டது" என்று எழுதுவது வழக்கம். ஆனால் நாம் காலி செய்யப் பத்து நாள் கேட்டிருப்போம். அப்படியானால் எந்தத் தேதியில் காலி செய்வோம், அதுவரை கரண்ட், பராமரிப்புச் செலவு யாருடையது என்று தனித்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

அடுத்து, கடைசியாக வீட்டைச் சுற்றிக் காட்டுவது. சாமான்களை எடுத்த பிறகு, பகல் வெளிச்சத்தில், வாங்குபவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஃபேன், கீசர், ஏசி, இன்வெர்ட்டர், தண்ணீர் சுத்திகரிப்பான் ஆகியவற்றில் எது வீட்டோடு போகிறது, எதை நாம் எடுத்துப்போகிறோம் என்பது விலை பேசும்போதே எழுதப்பட்டிருந்தால், அந்தப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டலாம். எடுத்துப்போகும் ஏசி சுவரில் விட்டுப்போகும் ஓட்டையை யார் அடைப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எல்லாக் குழாய்களையும் திறந்து விடுங்கள். குளியலறையில் தண்ணீர் தேங்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர்கள் குளியலறைக் கூரையில் ஈரம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கசிவு இருந்தால் மறைக்காதீர்கள். குறையைச் சொல்லாமல் விற்பது நமக்கு ஆகுமானதல்ல. மழைக்காலத்தில் அது தானே வெளிவந்தும் விடும்.

இனி கணக்கு. சென்னையில் ஒரு பிளாட் ஜூலை 3-ல் பதிவாகி, 12-ஆம் தேதி சாவி கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

மின் மீட்டரில் கடைசியாகக் கணக்கெடுத்தபோது 18,420. சாவி கொடுக்கும் நாளில் 18,655. அப்படியென்றால் 235 யூனிட் நம்முடையது. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்கிறார்கள். யூனிட் கூடக்கூடக் கட்டண விகிதமும் கூடும். அதனால் அன்றே தோராயமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுப் போவதைவிட, பில் வந்த பிறகு பங்கு போடுவதே சரி. மொத்தம் 400 யூனிட்டுக்கு பில் வந்தால், தொகையில் 400-க்கு 235 பங்கு நாம் தர வேண்டும். மீட்டரை இருவரும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான 183 நாளுக்கு ரூ.3,660 நாம் முன்பே கட்டியிருந்தால், ஒரு நாளுக்கு ரூ.20. ஜூலை 12 வரை 103 நாள் நம்முடையது. மீதி 80 நாளுக்கு ரூ.1,600 வாங்குபவர் நமக்குத் தர வேண்டும் என்று பேசிக்கொள்ளலாம். குடிநீர் வரியும் இதே கணக்குதான்.

குடியிருப்போர் சங்கத்தில் பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கிவிடுங்கள். சங்கத்தில் நாம் கட்டிய வைப்புத்தொகையும், மின் இணைப்பின் டெபாசிட்டும் புதியவர் பெயருக்கு மாறுவதானால், அதற்கு ஈடாக நமக்குப் பணம் உண்டா இல்லையா என்பதையும் முன்பே பேசுங்கள். கேஸ் இணைப்பு வீட்டோடு போவதில்லை. அது நம் பெயரில் உள்ளது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் விட்டுவிட்டு வராதீர்கள்.

கடைசியாக, ஒப்படைப்புக் கடிதம். ஒரு பக்கம் போதும். தேதி, நேரம், மீட்டர் எண்ணிக்கை, வீட்டோடு விட்ட பொருட்கள், சொல்லப்பட்ட குறைகள், கொடுத்த சாவிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். வாசல், பால்கனி, மொட்டை மாடி, தபால் பெட்டி, லிஃப்ட் அறை என்று நம்மிடம் இருக்கும் ஒவ்வொரு சாவியையும் எண்ணுங்கள். வேலைக்காரப் பெண்ணிடமும் பக்கத்து வீட்டிலும் கொடுத்து வைத்ததை மறக்காதீர்கள். இரண்டு பிரதி எடுத்து, இருவரும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகள் போடட்டும்.

மின் இணைப்பில் பெயர் மாறும்வரை பில் நம் பெயரில்தான் வரும். அதில் ஏதாவது பாக்கி நின்றால் முதலில் கேட்கப்படுவது நாம்தான். அன்று, எந்த நாள்வரை எத்தனை யூனிட் நம்முடையது என்று காட்ட அந்த ஒரு பக்கக் கடிதம் நம் கையில் இருக்க வேண்டும். பெயர் மாற்றம் முடிந்த ரசீதின் நகலை வாங்குபவரிடம் கேட்டு, அதையும் கடிதத்தோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.