பெயரை எடுத்துவிட்டால் போதுமா?



கொத்தனாரிடம் வேலை கொடுக்கும் முன் அவர் கட்டிய வீட்டைப் போய்ப் பார்க்கிறோம். சைபர் பாதுகாப்பு ஆலோசகரிடம் அப்படிப் பார்க்க எதுவும் இருக்காது. யாருக்கு வேலை செய்தார், அங்கே என்ன நடந்தது என்ற இரண்டையும் அவர் வெளியே சொல்லக் கூடாது. ஆனாலும் கருத்தரங்குக்குப் போனால், புதிய வாடிக்கையாளரைப் பார்த்தால், "உங்களைப் பற்றி ஒரு பத்து வரி அனுப்புங்கள்" என்கிறார்கள். அந்தப் பத்து வரியை எப்படி எழுதுவது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இந்தப் பத்து வரியில் வழுக்கி விழுந்த திறமைசாலிகள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

போன வருடம் ஒரு தம்பி வந்தார். கெட்டிக்காரர். பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியவர். தொழில்முனைவோர் கூட்டம் ஒன்றில் பேச அழைத்திருந்தார்கள். அதற்கு எழுதிய அறிமுகக் குறிப்பை என்னிடம் காட்டினார். அதில் ஒரு வரி இப்படி இருந்தது: "2022 தீபாவளி வாரத்தில், கொங்குப் பகுதியில் மூன்று கிளைகளுள்ள முன்னணி மருத்துவமனை ஒன்று ரான்சம்வேர் தாக்குதலில் முடங்கியபோது, 400 கணினிகளை 36 மணி நேரத்தில், பிணைப்பணம் கொடுக்காமல் மீட்டேன்."

படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காரணம், அந்த வாரம் எங்கள் அத்தையை அதே மருத்துவமனையில்தான் சேர்த்திருந்தோம். மருந்து கொடுக்கும் இடத்தில் கார்பன் தாள் வைத்துக் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஸ்கேன் முடிவு வாங்க மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடந்தேன். "சர்வர் டவுன் சார்" என்றார்கள், நானும் நம்பினேன். அது என்ன சர்வர் டவுன் என்று இந்தக் குறிப்பைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

தம்பியிடம் மருத்துவமனையின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "பேரு எங்கேயும் போடலைங்களே அண்ணா!" என்றார்.

இதை வானொலியில் சொல்ல அவரிடம் ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். ஊர், பண்டிகை, கிளைகளின் எண்ணிக்கை, அது மருத்துவமனைதானா என்பது உட்பட எல்லாவற்றையும் மாற்றித்தான் சொல்கிறேன்.

அவர் பெயரைத்தான் எடுத்திருந்தார், அடையாளத்தை எடுக்கவில்லை. அந்த ஒரு வரியை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். மருத்துவமனை என்றால் நாட்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. கொங்குப் பகுதி என்றதும் நூற்றுக்கணக்காகிவிட்டது. மூன்று கிளைகள் என்றதும் விரல்விட்டு எண்ணிவிடலாம். முன்னணி என்ற சொல் அதிலும் பாதியைத் தள்ளிவிடும். தீபாவளி வாரம் என்றதும், அந்த வாரம் அங்கே போன ஒவ்வொருவரும் சாட்சியாகிவிடுகிறார்கள். ஒவ்வொரு சொல்லும் ஒரு சல்லடை. ஐந்து சல்லடையில் சலித்த பிறகு மிஞ்சியது ஒரே ஒரு மருத்துவமனை.

இந்தக் கணக்கை உலகத்துக்குப் புரியவைத்தவர் அமெரிக்காவின் லட்டான்யா ஸ்வீனி என்ற கணினி அறிஞர். 1990களில் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை, பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். ஸ்வீனி அப்போது மாணவி. 20 டாலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் நகரத்தின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். அந்த மாநிலத்தின் ஆளுநர் வில்லியம் வெல்ட் வாழ்ந்த நகரம் அது. அவருடைய பிறந்த தேதியில் பிறந்தவர்கள் பட்டியலில் ஆறு பேர்தான் இருந்தார்கள். அதில் ஆண்கள் மூன்று பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் அவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவப் பதிவு எது என்பது தெரிந்துவிட்டது. ஒரு பட்டியலில் பெயர் இல்லை, இன்னொன்றில் நோய் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் இரண்டும் கிடைத்துவிட்டன.

தம்பியின் குறிப்பிலும் நடந்தது இதுதான். கையால் பில் எழுதியதைப் பார்த்த ஜனங்களுக்குக் காரணம் தெரியாது. அவருடைய குறிப்பில் காரணம் இருந்தது, பெயர் இல்லை. இரண்டும் சேர வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். நாளை வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

"தெரிந்தால்தான் என்ன, காப்பாற்றித்தானே கொடுத்தார்?" என்று கேட்கலாம். அந்த வரி வேறு என்னென்ன சொல்கிறது என்று பாருங்கள். தாக்குதல் நடந்ததையே மருத்துவமனை வெளியே சொல்லாமல் இருந்திருக்கலாம். நோயாளிகளின் பதிவு வெளியே போனதா என்ற கேள்வி உடனே எழும். பிணைப்பணம் கொடுத்தார்களா இல்லையா என்பது அவர்களுடைய வழக்கறிஞரும் காப்பீட்டு நிறுவனமும் பேச வேண்டிய விஷயம். 36 மணி நேரம் என்ற எண்ணைத் தாக்குகிறவன் படித்தால், பேக்கப் இவ்வளவு வேகத்தில் திரும்புகிறது, அடுத்த முறை முதலில் அதை அழிக்க வேண்டும் என்று குறித்துக்கொள்வான். தம்பியின் குறிப்பில் இன்னொரு பகுதியும் இருந்தது. தான் கையாண்ட ஃபயர்வால், வி.பி.என். கருவிகளின் பிராண்டையும் பதிப்பு எண்ணையும் வரிசையாகப் போட்டிருந்தார். மேலே மருத்துவமனை, கீழே அங்கே ஓடும் கருவி. பூட்டின் மாடலை வாசலில் எழுதி ஒட்டியது போல.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பொதுவெளியில் சொல்லாமல் இருப்பது வேறு, அரசிடம் மறைப்பது வேறு. இந்தியாவில் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவித்தாக வேண்டும். அந்தக் கடமையை எந்த ரகசிய ஒப்பந்தமும் தடுக்காது. தடுக்கும் என்று நினைக்கும் ஆலோசகரின் குறிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அவரை நம்பாதீர்கள்.

சரி, எல்லாவற்றையும் அடித்துவிட்டால் திறமையை எதை வைத்துக் காட்டுவது? தம்பி அதைத்தான் கேட்டார். "அண்ணா, இதெல்லாம் எடுத்துட்டா நான் யாருன்னே தெரியாதுங்களே."

நான் அவரிடம் கேட்டேன்: "அன்னைக்கு ராத்திரி உள்ளே போனதும் முதல்ல என்ன பண்ணினீங்க?"

யோசிக்காமல் சொன்னார்: "பாதிக்கப்பட்ட கணினிகளின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கச் சொன்னேன், ஆனால் யாரையும் பவரை அணைக்க விடவில்லை. அணைத்தால் மெமரியில் இருக்கும் தடயம் போய்விடும். மெமரியைப் படியெடுத்த பிறகுதான் ஹார்ட் டிஸ்கைப் படியெடுத்தேன். எடுத்ததும் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு இரண்டு பேர் கையெழுத்தோடு எழுதி வைத்தேன், பின்னால் யாரும் மாற்றவில்லை என்று நிரூபிக்க. பேக்கப் இருக்கிறது என்றார்கள். நான் நம்பவில்லை, தனி நெட்வொர்க்கில் ஒன்றைத் திருப்பி எடுத்துப் பார்த்த பிறகுதான் மற்றதைத் தொட்டேன்."

"இதை எழுதுங்க தம்பி" என்றேன். இந்தச் சில வாக்கியங்களில் எந்த மருத்துவமனையும் இல்லை, எந்தத் தேதியும் இல்லை. ஆனால் தொழில் தெரிந்தவர் படித்தால், இவர் களத்தில் நின்றவர் என்று உடனே புரிந்துகொள்வார். பவரை அணைக்க விடவில்லை என்ற ஒரு சொல்லுக்கு இருக்கும் எடை, முன்னணி மருத்துவமனை என்ற சொல்லுக்குக் கிடையாது.

அதோடு, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக்கூடிய சான்றுகளையும் சேர்க்கலாம். சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழுக்குப் பரீட்சை மட்டும் போதாது, பொதுவாக ஐந்து ஆண்டு வேலை அனுபவமும் வேண்டும். ஓ.எஸ்.சி.பி. ஏறக்குறைய 24 மணி நேரம் நீளும் செய்முறைத் தேர்வு. மென்பொருள் ஓட்டையைக் கண்டுபிடித்து, தயாரித்தவர்களிடம் சொல்லி, அவர்கள் சரிசெய்து வெளியிட்ட பிறகு பொதுவாக அதற்கு ஒரு சி.வி.இ. எண் இருக்கும். அந்த எண்ணைப் போடலாம், அது ஊரறிந்த விஷயம். கொடுத்த பயிற்சி, பேசிய கருத்தரங்கு ஆகியவையும் அப்படியே. ஆனால் பயிற்சி கொடுத்த நிறுவனமே வாடிக்கையாளராகவும் இருந்தால் அதை விட்டுவிட வேண்டும்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதினோம். முடிவில் இப்படி வந்தது:

"பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சைபர் பாதுகாப்புத் துறையில் இருக்கிறேன். மருத்துவம், உற்பத்தி, நிதி ஆகிய துறைகளைச் சேர்ந்த நடுத்தர நிறுவனங்களுக்கு, தாக்குதல் நேரத்தில் தடயம் கெடாமல் சேவைகளை மீட்டுத் தருவது என் முதன்மை வேலை. கணினியை அணைக்கும் முன் மெமரியைப் படியெடுப்பதும், பேக்கப்பைத் திருப்பி எடுத்துப் பார்க்காமல் நம்பாததும் என் வழக்கம். சான்றிதழ் எண்களும் நான் கண்டறிந்து வெளியான சி.வி.இ. எண்களும் கீழே உள்ளன. வாடிக்கையாளர்களின் பெயரையும் சம்பவங்களையும் வெளியிடுவதில்லை. தேவைப்பட்டால், முன்பு என்னோடு பணியாற்றியவர்களின் சம்மதத்தைக் கேட்டு, அவர்களே உங்களிடம் பேச ஏற்பாடு செய்வேன்."

துறைகள் மூன்றாகிவிட்டதால் எந்தச் சம்பவம் எந்தத் துறையில் என்று தெரியாது. ஆண்டுகள் மொத்தமாக இருப்பதால் எந்த வாரமும் சிக்காது. வாடிக்கையாளர்களின் பெயரை வெளியிடுவதில்லை என்ற வாக்கியத்தைச் சேர்க்கத்தான் அதிக நேரம் வாதாடினோம். அது ஒரு பாதுகாப்பு மட்டுமல்ல, வேலை கொடுக்க வருகிறவருக்கு அதுவே ஒரு தகவல்: இவர் நம் கதையையும் இன்னொரு மேடையில் சொல்ல மாட்டார்.

சில டெண்டர்களில் பழைய பணி ஆணையின் நகல் கேட்பார்கள். அந்த இடத்தில் இந்தக் குறிப்பு போதாது. பழைய வாடிக்கையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கித்தான் கொடுக்க வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் அந்த டெண்டரை விட்டுவிட வேண்டியதுதான். நானும் விட்டிருக்கிறேன்.

புதிய குறிப்பை அன்று மாலையே தம்பி எனக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். வாசகத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பழைய அறிக்கை ஒன்றின் கோப்பைத் திறந்து, அதையே அழித்து எழுதியிருக்கிறார். கோப்பின் பெயரில் அந்த மருத்துவமனையின் சுருக்கப் பெயர் அப்படியே இருந்தது. கோப்பின் பண்புகளைத் திறந்து பார்த்தேன், தலைப்பு என்ற இடத்தில் முழுப்பெயரும் இருந்தது. போன் போட்டுச் சொன்னேன்.

இந்தத் தொழிலில் இருக்கும் நேயர்களே, உங்கள் குறிப்பைப் புதிய கோப்பில் தட்டெழுதுங்கள். அனுப்பும் முன் கோப்பின் பெயரையும் பண்புகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.