சைக்கிளும் மாடிப்படியும்: ஓர் இடுப்பளவுக் கணக்கு

(ஆவடிப் பகுதியில் நடந்த குறுவள மையக் கூட்டமொன்றில் நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிய உணவுக்குப் பிந்தைய நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கொழுப்பைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் எடை 68 கிலோ, இடுப்பளவு 94 சென்டிமீட்டர். நம் நாட்டுப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 என்பதுதான் எச்சரிக்கைக் கோடு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 வந்திருந்தது. மருத்துவர், "இன்னும் நோய் இல்லைம்மா, வாசலில் நிற்கிறது" என்றார். என் அம்மாவுக்குச் சர்க்கரையால் கண் பார்வை போனதை அருகிலிருந்து பார்த்தவள் நான். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போக நேரமும் இல்லை, மனமும் இல்லை. தினமும் எப்படியும் செய்தே தீர வேண்டிய ஒரு காரியம் மட்டும் இருந்தது. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போவது. ஆவடி - பூந்தமல்லி சாலையில் 6 கிலோமீட்டர். அதுவரை ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன்.

முதலில் நான் பிடித்துக்கொண்டது மாடிப்படியைத்தான். அதற்குச் செலவில்லை, சாலையில் லாரி பயமும் இல்லை. எங்கள் பள்ளியில் இரண்டாவது மாடி வரை வகுப்புகள். தினமும் மூன்று முறை ஏறினால் ஆறு மாடிக் கணக்கு. ஒரு மாதம் ஏறினேன். இடுப்பு அசையவில்லை. அப்புறம்தான் எட்டாம் வகுப்புக்கு நானே நடத்தும் பாடத்தை எனக்கே நடத்திப் பார்த்தேன்.

ஒரு மாடிக்கு 20 படி, படிக்கு 15 செ.மீ. என்றால் உயரம் 3 மீட்டர். 68 கிலோவை 3 மீட்டர் தூக்க வேண்டிய வேலை 68 × 9.8 × 3, அதாவது சுமார் 2,000 ஜூல். நம் தசைகள் செலவிடும் ஆற்றலில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் வேலையாகிறது, மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. ஆகவே உடல் செலவழிப்பது ஏறக்குறைய 9,000 ஜூல். ஒரு கலோரி என்று நாம் பேச்சில் சொல்வது 4,184 ஜூல். அப்படியானால் ஒரு மாடி ஏற இரண்டு கலோரிக்குச் சற்று மேல். ஆறு மாடி ஏறி இறங்கினாலும் 20 கலோரியைத் தொடவில்லை. பதினோரு மணி இடைவேளையில் நான் சாப்பிட்ட ஒரு மெதுவடையே 100 கலோரிக்குக் குறையாது.

மாடிப்படி வீண் என்று சொல்ல வரவில்லை. தொடைக்கு வலு வருகிறது, மூச்சு வாங்குவது குறைகிறது, இதயத்துக்கு நல்லது. ஆனால் கொழுப்புக் கணக்கில் அது சில்லறை. ஆவடி ரயில் நிலைய நடைமேம்பாலத்தைத் தினமும் இருமுறை ஏறி இறங்குகிறவர்களும் இதே சில்லறையைத்தான் சேமிக்கிறார்கள்.

படிக்கட்டைப் பற்றி உலகம் முழுக்கச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர், இரண்டடுக்குப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர்களைவிட, மேலும் கீழும் ஏறி இறங்கும் நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. பலர் இதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். மோரிஸ் நிறுத்தவில்லை. 1956இல் அவரது குழு அந்த ஊழியர்களின் சீருடை அளவுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவுதான் பெரிது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களிடமே அந்த வித்தியாசம் தெரிந்தது. அப்படியானால் படிக்கட்டு இடுப்பைக் குறைத்ததா, அல்லது ஒல்லியானவர்கள் நடத்துநர் வேலைக்குப் போனார்களா? ஒப்பிட்டுப் பார்ப்பதால் மட்டும் இதற்குப் பதில் கிடைக்காது.

பதில் வேண்டுமானால் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துவிட வேண்டும். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் அப்படிச் செய்து, முடிவை 2018இல் வெளியிட்டார்கள். எடை கூடிய, உடற்பயிற்சி இல்லாத ஆண், பெண்களைப் பிரித்து, ஒரு குழுவை வேலைக்குச் சைக்கிளில் போகச் சொன்னார்கள். இரண்டு குழுக்கள் ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தன. ஒரு குழு எப்போதும் போல இருந்தது. ஆறு மாத முடிவில் சைக்கிள் குழு, சும்மா இருந்த குழுவைவிடச் சுமார் 4 கிலோ கொழுப்பு இழந்திருந்தது. கடுமையாக உடற்பயிற்சி செய்தவர்களும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்தச் சைக்கிள் குழுவில் பெண்களுக்கு நாளுக்கு 320, ஆண்களுக்கு 420 கலோரி செலவாகும்படி, வாரத்துக்கு ஐந்து நாள் திட்டம் போட்டிருந்தார்கள். ஆக, விஷயம் சைக்கிளில் மட்டும் இல்லை, அந்த எண்ணிக்கையிலும் இருக்கிறது.

என் 6 கிலோமீட்டர் அந்த எண்ணுக்கு எட்டுமா? மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 24 நிமிடம். அந்த வேகத்தில், சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாவதைக் கழித்துவிட்டால், 68 கிலோ உடலுக்கு நிமிடத்துக்கு 5.4 கலோரி. போக வர 48 நிமிடம், சுமார் 260 கலோரி. மாதம் 22 வேலை நாள் என்றால் 5,700. ஒரு கிலோ உடல் கொழுப்பு சுமார் 7,700 கலோரி. ஆக, காகிதத்தில் மாதம் முக்கால் கிலோ. இது உச்சவரம்பு. இதற்கு மேல் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மகளின் பழைய சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. பள்ளியில் தந்த விலையில்லா மிதிவண்டிதான். 2001-02இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் எத்தனையோ சைக்கிளைக் கையெழுத்து வாங்கி நாமே பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். நாட்டுக்கே சைக்கிள் செய்துகொடுத்த டி.ஐ. சைக்கிள்ஸ் நம்முடைய அம்பத்தூரில்தான் தொடங்கியது. இருந்தும் நம் பள்ளி வாசலில் ஆசிரியர் சைக்கிள் ஒன்றுகூட நிற்பதில்லை. முதல் நாள் எங்கள் எச்.எம். என்னைப் பார்த்து, "டீச்சர், வண்டி ரிப்பேரா?" என்றார்.

முதல் வாரமே முழங்கால் வலித்தது. வயதாகிவிட்டது, விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். சைக்கிள் கடைக்காரர் ஒரு பார்வையில் சொல்லிவிட்டார், சீட் தாழ்வாக இருக்கிறது என்று. சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கும். இரண்டு விரற்கடை உயர்த்தினார், வலி போயிற்று. காற்று குறைந்த டயரும் இதே மாதிரி ஆளை ஏமாற்றும். கட்டை விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. நாம் நம் உடம்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம், குறை டயரில் இருக்கும்.

சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சி.டி.எச். சாலையில் காலை எட்டரை மணிக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லி உங்களை அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை. நான் ஏழே முக்காலுக்குக் கிளம்பிவிடுவேன். முடிந்தவரை பெரிய சாலைக்கு இணையாகப் போகும் நகர் தெருக்கள் வழியாகப் போவேன். ஒரு கிலோமீட்டர் கூடினாலும் அது நமக்கு லாபம்தானே. துப்பட்டாவைக் குறுக்கே கட்டிவிடுவேன், மாற்று உடை பையில் இருக்கும், பள்ளியில் முகம் கழுவி மாற்றிக்கொள்வேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் ஓட்டுவதில்லை. அந்தத் தண்ணீருக்கு அடியில் மூடாத குழி இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? அந்த நாட்களைக் கணக்கிலிருந்தே கழித்துவிட வேண்டும்.

முதல் இரண்டு மாதம் எடை அப்படியே இருந்தது. காரணம் மெதுவடைதான். பள்ளிக்கு வந்ததும் பசிக்கும். "சைக்கிளில்தானே வந்தேன்" என்று ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டேன், சர்க்கரை போட்ட டீ ஒன்றும் கூடுதல். 260 சம்பாதித்து 260 செலவழித்தேன். சைக்கிளில் தோற்கிறவர்களில் பெரும்பாலானோர் இங்கேதான் தோற்கிறார்கள், கால் வலியால் அல்ல. காலையில் வீட்டிலேயே முட்டையோ சுண்டலோ சேர்த்துச் சாப்பிடத் தொடங்கியதும் பதினோரு மணிப் பசி அடங்கியது. வடையை வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். முழுக்க விட என்னால் ஆகாது.

எடை மட்டும் பார்த்தால் சோர்ந்துவிடுவோம், தண்ணீரால் நாளுக்கு ஒரு கிலோ ஏறி இறங்கும். டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை வெளியே விட்டபின், வயிற்றை உள்ளிழுக்காமல் அளக்க வேண்டும். ஞாயிறு காலை, வாரம் ஒரு முறை போதும். வடையைக் குறைத்த பிறகு ஆறு மாதத்தில் எனக்கு 94 என்பது 89 ஆயிற்று. எடை 3 கிலோ குறைந்தது. காகிதக் கணக்கு நாலரை கிலோ. மீதி ஒன்றரையை மழையும் விடுமுறையும் வெள்ளிக்கிழமைகளும் எடுத்துக்கொண்டன. சர்க்கரை 101. இன்னும் வாசலில்தான் நிற்கிறது, ஆனால் ஓரடி பின்னால்.

வீடு தூரமாக இருப்பவர்கள் வழியைப் பிரித்துக்கொள்ளலாம். திருநின்றவூரிலிருந்து அம்பத்தூருக்கு வரும் எங்கள் தோழி ஒருவர், மூன்று கிலோமீட்டர் சைக்கிளில் வந்து ஸ்டாண்டில் விட்டு ரயில் ஏறுகிறார். அவருக்கு நாளுக்கு சுமார் 130 கலோரி. என்னுடையதில் பாதி, பலனும் பாதி வேகத்தில்தான் வரும்.

ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுகிறேன். என்னைப் பார்த்துச் சைக்கிளுக்கு மாறிய சக ஆசிரியர் ஒருவர், ஏற்கெனவே சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை எடுப்பவர். இரண்டாவது வாரம், மூன்றாவது பீரியடில் அவருக்குக் கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டியது. பிள்ளைகள்தான் ஓடிவந்து சொன்னார்கள். சர்க்கரை 58. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம், பத்து நிமிடத்தில் தெளிந்தார். மாத்திரை இறக்கிய சர்க்கரையைச் சைக்கிள் இன்னும் கீழே இறக்கியிருக்கிறது. மருத்துவர் பிறகு அளவைக் குறைத்துக் கொடுத்தார். இந்த வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சைக்கிளைத் துடைத்து வைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பையில் நான்கு குளுக்கோஸ் பிஸ்கட்டும் ஒரு சர்க்கரைப் பொட்டலமும் இருக்கட்டும். படி ஏறும்போது நெஞ்சில் அழுத்தம் வருகிறவர்களும் முதலில் மருத்துவரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும். அந்த ஆசிரியர் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், இன்றும் சைக்கிளில்தான் வந்திருக்கிறார். சந்தேகம் இருந்தால் என்னைவிட அவரைக் கேட்பது நல்லது.