கொன்சிடரேஷன் என்றொரு சொல்

உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டுச் சட்டம் படிக்கப் போகிற பிள்ளை, ஆங்கிலப் புத்தகத்தில் தெரியாத சொற்களில்தான் தடுமாறும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தெரியாத சொல் பிள்ளையை நிறுத்திவிடும். அகராதியை எடுக்க வைக்கும். தெரிந்த சொல் என்று எண்ணிக் கடந்து போகிற இடத்தில்தான் பொருள் தவறிப்போகிறது.

நம்முடைய தேசவழமையையே எடுத்துப் பாருங்கள். ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்த வழமை அது. ஆங்கிலச் சட்ட நூல்களிலும் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற நம் சொற்களே ஆங்கில எழுத்தில் நிற்கின்றன. அவற்றைக் கண்டதும் பிள்ளைக்குத் துணிவு வந்துவிடும். ஆனால் 1947 ஆம் ஆண்டுத் திருத்தம் தேடியதேட்டத்துக்குத் தந்த வரைவிலக்கணம் கொன்சிடரேஷன் என்ற சொல்லில் தங்கியிருக்கிறது. பள்ளிக்கூட ஆங்கிலத்தில் அதற்குக் கவனம், பரிவு என்று பொருள். இங்கோ, ஒன்றைப் பெறுவதற்காகக் கொடுக்கிற விலை. மணவாழ்க்கையில் விலை கொடுத்து வாங்கிய காணி, வாங்கியவருடைய தேடியதேட்டம். ஆனால் அந்த விலை அவருடைய தனிச் சொத்திலிருந்து வந்திருக்கக்கூடாது. கணவர் தம் சம்பளத்தில் ஒரு தோட்டக்காணி வாங்கினால் அது தேடியதேட்டம். மனைவி தன் சீதனக் காணியை விற்று, அந்தக் காசில் அதே தோட்டத்தை வாங்கினால் அது தேடியதேட்டம் ஆகாது. பரிவு என்று வாசித்த பிள்ளைக்கு இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது.

இத்தகைய சொற்களுக்குப் பிள்ளை சொந்தமாக ஒரு பட்டியல் எழுதி வைக்க வேண்டும். அச்சிட்ட சட்டச் சொற்றொகுதி இருக்கும்போது சொந்தப் பட்டியல் எதற்கு என்று கேட்கலாம். சொற்றொகுதி ஒரு சொல்லுக்கு ஒரு தமிழைத் தரும். எந்தச் சட்டத்தில் அந்தப் பொருள் என்று சொல்லாது. இங்கிலாந்து ஒப்பந்தச் சட்டத்தில் கொன்சிடரேஷன் இல்லாத வெறும் வாக்குறுதி பொதுவாக நீதிமன்றத்தில் நிற்காது. நம் நாட்டு ஒப்பந்தச் சட்டம் உரோம-டச்சு வழி வந்தது. வாக்குறுதிக்குத் தக்க காரணம் இருந்தாலே போதும் என்கிறது. இங்கிலாந்து ஆசிரியரின் புத்தகத்தை வைத்து இலங்கைப் பரீட்சைக்குப் படிப்பவருக்கு இது பெரிய பொறி. ஆகவே பட்டியலில் சொல்லோடு அது வந்த சட்டத்தையும் பிரிவையும் முழு வசனத்தையும் எழுதுங்கள். கீழே, காணிக்காரர் ஒருவருக்கு விளங்கும் தமிழில் ஓர் உதாரணம் எழுதுங்கள். உதாரணம் வரவில்லையென்றால் சொல் இன்னும் பிடிபடவில்லை.

சட்டத்தையே முழுக்கத் தமிழில் படிப்பிக்கலாமே என்பது நியாயமான கேள்வி. அதற்கான தமிழ் நூல்கள் வரவேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் முன்தீர்ப்புகளைத் தாங்கிய புதிய சட்ட அறிக்கைகள் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. வடக்கு, கிழக்கு நீதிமன்றங்களிலோ வழக்கு தமிழில் நடக்கிறது. இன்று படிக்கிற பிள்ளை மேன்முறையீட்டுத் தீர்ப்பை ஆங்கிலத்தில் வாசித்து, மல்லாகம் நீதிமன்றத்தில் தமிழில் வாதாட வேண்டும். அதனால் உங்கள் பட்டியலில் கொன்சிடரேஷனுக்கு ஒரு பக்கத்தையே ஒதுக்குங்கள். முதல் பாதியில் தேசவழமை. மறுபாதியை, ஒப்பந்தச் சட்டம் படிக்கும் நாள்வரை வெறுமையாகவே விடுங்கள்.